மின்னழுத்தமானியில் சமநிலைப் புள்ளியில் கால்வனாமீட்டருக்குள் ஏன் மின்னோட்டம் போவதில்லை?

கடைசி பெஞ்ச்

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த வாரம் எங்களுக்கு மின்னழுத்தமானி செய்முறை. பத்துக் கம்பிப் பலகை, ஒவ்வொரு கம்பியும் ஒரு மீட்டர். முதன்மைச் சுற்றில் ஒரு 2 வோல்ட் அக்குமுலேட்டர். துணைச் சுற்றில் முதலில் டேனியல் கலம், அப்புறம் லெக்லாஞ்சி கலம். டேனியலுக்கு 1.08 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு லெக்லாஞ்சியின் மின்னியக்கு விசையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

டேனியலுக்கு ஆறாவது கம்பியில் 60 சென்டிமீட்டர் குறியில் முள் பூஜ்யத்துக்கு வந்தது. லெக்லாஞ்சிக்கு எட்டாவது கம்பியில் 70இல் வந்தது.

கணக்கு போட்டுவிடுவேன். புரியாதது வேறு. கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜாக்கியைக் கம்பியில் தொட்டு வைத்ததும் கால்வனாமீட்டருக்கு ஒரு வழி திறக்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் எதுவும் அந்த வழியில் திரும்புவதில்லை? இன்னொன்று, அதே லெக்லாஞ்சியை முள் வோல்ட்மீட்டரில் வைத்தால் 1.45 கோட்டுக்குக் கொஞ்சம் கீழே காட்டுகிறது. எதை நம்புவது?

சுற்றுப்பாதை

தம்பி, இது கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான். அக்குமுலேட்டர் ஒரு பக்கம் மின்னோட்டத்தை அனுப்புகிறது, உன் கலம் எதிர்ப்பக்கம் அனுப்புகிறது. சமநிலையில் இரண்டும் சம அளவு. இரண்டு மின்னோட்டமும் கால்வனாமீட்டருக்குள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, அதனால் முள் அசைவதில்லை.

விடை: 770ஐ 560ஆல் வகுத்தால் 1.375. 1.08ஆல் பெருக்கினால் 1.485 வோல்ட். வோல்ட்மீட்டர் குறைவாகக் காட்டும் என்பது தெரிந்ததுதானே, அதனால் பொருந்துகிறது.

பழைய ஆய்வகம்

சுற்றுப்பாதை சொன்ன உதாரணம் நல்லது, ஆனால் முடிவு தவறான இடத்துக்குப் போய்விட்டது. முதலில் எண்ணைச் சரிசெய்துவிடுவோம், ஏனென்றால் அங்கேயும் ஒரு தவறு இருக்கிறது.

பத்துக் கம்பிப் பலகையில் கம்பி வளைந்து வளைந்து போகிறது. முதல் கம்பி இடமிருந்து வலம், இரண்டாவது வலமிருந்து இடம். அளவுகோல் ஒன்றே ஒன்று, அது இடப்பக்கம் பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஆகவே ஆறாவது, எட்டாவது போன்ற இரட்டைப்படைக் கம்பிகளில் நீளத்தை வலக்கோடியிலிருந்து எண்ண வேண்டும். எட்டாவது கம்பியில் 70 என்ற குறி, ஏழு முழுக் கம்பிகள் முடிந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது 730 சென்டிமீட்டர். அதேபோல டேனியலுக்கு 540.

இப்போது 1.08 × 730 ÷ 540 = 1.46 வோல்ட். 1.485 இல்லை. இரண்டு அளவும் இரட்டைப்படைக் கம்பியில் விழுந்ததால் விகிதம் பெரிதாகக் கெடவில்லை, விடையும் நம்பும்படியாகவே வந்துவிட்டது. இந்தத் தவறு ஆபத்தானதே அதனால்தான். ஒன்று ஒற்றைப்படைக் கம்பியில் விழுந்திருந்தால் விடை இன்னும் அதிகமாகக் கெட்டிருக்கலாம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். 540 சென்டிமீட்டருக்கு 1.08 வோல்ட் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 2 மில்லிவோல்ட். பத்து மீட்டருக்கு 2 வோல்ட். உங்கள் அக்குமுலேட்டரோடு ஒத்துப்போகிறது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். பலகையின் தொடக்க முனையை A என்போம். அக்குமுலேட்டரின் நேர்முனையும் அங்கேதான், உங்கள் கலத்தின் நேர்முனையும் அங்கேதான். A-யிலிருந்து கம்பி வழியே ஜாக்கி வரை நடந்தால் அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது, 730 சென்டிமீட்டரில் 1.46 வோல்ட் இறங்கியிருக்கும். அதே A-யிலிருந்து இன்னொரு வழியாக, கலத்துக்குள் புகுந்து அதன் எதிர்முனைக்கு வந்தாலும் 1.46 வோல்ட் இறங்கியிருக்கும். இப்போது கால்வனாமீட்டர் எங்கே இருக்கிறது? ஜாக்கிக்கும் கலத்தின் எதிர்முனைக்கும் நடுவில். இரண்டு முனையும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்போது அதற்குள் மின்னோட்டத்தை எது தள்ளும்?

கம்பியில் ஓடும் மின்னோட்டம் "வழி திறந்திருக்கிறது" என்பதற்காகத் திரும்பாது. உங்கள் கம்பியின் மொத்தத் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால் அதில் 100 மில்லியாம்பியர் ஓடுகிறது. அது அக்குமுலேட்டரில் கிளம்பி அக்குமுலேட்டருக்கே திரும்புகிறது. ஜாக்கி தொட்ட இடத்தைத் தாண்டும்போதும் அதே 100 தான்.

கயிறு உதாரணத்தில் இரண்டு அணியும் சமமாக இழுக்கும்போது கயிற்றில் இழுவிசை இருக்கிறது, நகர்வு இல்லை. இழுவிசைக்கு நிகரானது மின்னியக்கு விசை, நகர்வுக்கு நிகரானது மின்னோட்டம். சமநிலையில் எதிர்த்து நிற்பவை அழுத்தங்கள். கயிறு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நகர்ந்து ரத்தாவதில்லையே.

சுற்றுப்பாதை

கம்பி எண்ணிக்கை விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேற்பொருந்துதல் முறையில் ஒவ்வொரு மின்கலத்தையும் தனியாக எடுத்துக் கணக்கிட்டால் கால்வனாமீட்டரில் எதிரெதிரான இரண்டு மின்னோட்டங்கள்தானே வருகின்றன? கூட்டினால் பூஜ்யம். அப்படியானால் நான் சொன்னதில் என்ன தவறு?

பழைய ஆய்வகம்

கணக்கில் தவறில்லை. அது ஒரு கலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் தடையை வைத்தால் என்ன ஓடும் என்று கேட்கும் கணக்கு. இரண்டும் இருக்கும் சுற்றில் அந்த இரண்டு மின்னோட்டங்கள் தனித்தனியே இருப்பதில்லை. இதைக் கலத்தை வைத்தே காட்டலாம். அந்த லெக்லாஞ்சிக்கு அக மின்தடை 4 ஓம் என்று வைப்போம். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 10 ஓம் தடையை இணைத்துவிட்டு மறுபடி சமநிலை தேடினால் 730 வராது. கலம் இப்போது உண்மையிலேயே மின்னோட்டம் தருகிறது, உள்ளேயே கொஞ்சம் வோல்ட் இழக்கிறது. முனைகளுக்கிடையே 1.46 × 10 ÷ 14, அதாவது சுமார் 1.04 வோல்ட்தான் மிஞ்சும். ஜாக்கி 521 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். தடையை எடுத்தால் திரும்ப 730.

உள்ளே எதுவும் ஓடாவிட்டால் மட்டுமே அக மின்தடை விடையில் தலையிடாது. 730 என்பது அந்த நிலையில் கிடைத்த நீளம். (10 ஓம் தடைக்கான சாவியை அளவெடுக்கும் நொடியில் மட்டும் அழுத்துங்கள். லெக்லாஞ்சி தொடர்ந்து மின்னோட்டம் தந்தால் முனைவாக்கம் ஏறி நீளம் தானாகவே குறைந்துகொண்டு போகும்.)

வோல்ட்மீட்டர் கேள்விக்கும் விடை இதுதான். முள் வோல்ட்மீட்டரின் தடை 300 ஓம் என்றால் அது கலத்திலிருந்து ஏறக்குறைய 4.8 மில்லியாம்பியர் இழுக்கிறது. 4 ஓமில் 0.02 வோல்ட் போய்விடுகிறது. மிச்சம் 1.44. ஆனால் தம்பி, உங்கள் வோல்ட்மீட்டரில் ஒரு சிறு பிரிவே 0.05 வோல்ட்டாக இருக்கும். பிரிவுக்குள் அரைகுறையாகத் தெரியும் வித்தியாசத்தை வைத்து எதையும் நிரூபிக்காதீர்கள். அந்த மீட்டரின் சொந்தப் பிழையே அவ்வளவு இருக்கலாம்.

சால்டரிங் மேசை

மின்னழுத்தமானி என்றால் பொட்டென்ஷியோமீட்டர், ரேடியோவில் வால்யூம் திருகும் மூன்று கால் சாமான்தானே? அதில் பத்து மீட்டர் கம்பி எங்கே வந்தது? நான் அதை இரண்டு பென்டார்ச் செல்லுக்குக் குறுக்கே போட்டு, நடுக்காலிலிருந்து மல்டிமீட்டர் மைக்ரோஆம்பியர் வழியாக வேறொரு செல்லைக் கோத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் பூஜ்யம் வருகிறது. அப்போது நானும் மின்னியக்கு விசை அளந்துவிட்டேனா?

பழைய ஆய்வகம்

இங்கே பேசுவது பலகையில் கட்டிய கம்பியைப் பற்றி. ஆனால் நீங்கள் செய்ததும் அதே தத்துவம்தான். சமநிலையைப் பிடித்துவிட்டீர்கள், அளவிடத்தான் இன்னும் இல்லை. திருகின் கோணத்துக்கும் தடைக்கும் உள்ள தொடர்பு சீரானதா என்று தெரியாது, அளவுகோலும் இல்லை. சீரான கம்பி பலகையில் இருப்பது நீளத்தை நேராக வோல்ட்டாக மாற்றத்தான்.

ஒரு நல்ல விஷயம் உங்கள் சாமானிலும் பலகையிலும் பொது. நடுக்கால் உரசும் இடத்தில், அல்லது ஜாக்கி தொடும் இடத்தில், கொஞ்சம் அழுக்கு இருந்து சில ஓம் தடை சேர்ந்தாலும் சமநிலைப் புள்ளி நகராது. அந்த வழியில் மின்னோட்டமே இல்லாதபோது அங்கே வோல்ட் இழப்பும் இல்லை. ஆனால் A முனையில் கம்பியைப் பித்தளைப் பட்டையில் பிணைத்த இடம் அழுக்காக இருந்தால் கதை வேறு. அதன் வழியே முதன்மைச் சுற்றின் 100 மில்லியாம்பியரும் ஓடுகிறது. அரை ஓம் இருந்தால் 50 மில்லிவோல்ட், அதாவது 25 சென்டிமீட்டர் கணக்கு கெட்டுவிடும்.

தேரிக்காடு

எனக்கு வேறு பிரச்சினை. A முனையிலிருந்து பத்தாவது கம்பி முடிவு வரை எங்கே தொட்டாலும் முள் ஒரே பக்கம். சமநிலையே கிடைக்கவில்லை. கூடப் படிக்கும் பெண் ஒருத்திக்கு எங்கே தொட்டாலும் பூஜ்யம். அவள் "எல்லா இடமும் சமநிலை" என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பழைய ஆய்வகம்

அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லுங்கள், துணைச் சுற்றில் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் வந்தால் மட்டும் போதாது. ஜாக்கியை A பக்கம் வைத்தால் ஒரு திசையிலும் கடைசி முனையில் வைத்தால் எதிர்த்திசையிலும் முள் விலக வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நடுவில் தேட வேண்டும்.

உங்களுடையதில், ஜாக்கி நகரும்போது விலகல் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், காரணம் தானாகத் தெரியும். கால்வனாமீட்டரோடு உயர் மின்தடையைத் தொடரில் வைத்தே பாருங்கள். கடைசி முனையை நோக்கிப் போகப் போக விலகல் கூடினால், கலத்தின் முனைகள் மாறியிருக்கின்றன. கம்பியின் அழுத்தம் கலத்தை எதிர்ப்பதற்குப் பதிலாக அதோடு சேர்ந்துகொள்கிறது. விலகல் குறைந்துகொண்டே வந்து ஆனாலும் பூஜ்யத்தைத் தொடாமல் நின்றால், அக்குமுலேட்டர் தேய்ந்துவிட்டது, அல்லது முதன்மைச் சுற்றில் மாறுதடை அதிகமாக இருக்கிறது. முழுக் கம்பியின் வோல்ட்டே கலத்தைவிடக் குறைவு. எங்கே தொட்டாலும் கிட்டத்தட்ட ஒரே விலகல் என்றால் முதன்மைச் சுற்றே ஓடவில்லை, சாவியைப் பாருங்கள்.

தேரிக்காடு

குறைந்துகொண்டே வந்து கடைசியில் இரண்டு மூன்று பிரிவு மிச்சம் நிற்கிறது. அப்படியானால் அக்குமுலேட்டர்தான். நாளை வேறொன்றை மாற்றிக் கேட்கிறேன்.

கடைசி பெஞ்ச்

இப்போது நன்றாகப் புரிகிறது. உயர் மின்தடை என்றதும் இன்னொரு சந்தேகம். அது தொடரில் இருந்தாலும் சமநிலையில் மின்னோட்டம் இல்லையே, அப்படியானால் அதில் வோல்ட் இழப்பும் இல்லை. சமநிலை நீளம் மாறக்கூடாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு தேடினால் ஒரு சாண் நீளத்துக்கு முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. எந்த இடத்தை எழுதுவது என்றே தெரியவில்லை.

பழைய ஆய்வகம்

நீங்கள் கவனித்ததுதான் இந்தச் செய்முறையின் மையம் என்பேன். நீளம் மாறவில்லை. அதைப் பார்க்கும் கண்தான் மங்கிவிட்டது.

பள்ளிக் கால்வனாமீட்டர் ஒன்றில் முள் ஒரு பிரிவு நகர 20 மைக்ரோஆம்பியர் தேவை, அதன் சுருள் 100 ஓம் என்று வைப்போம். ஜாக்கி சரியான இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. கால்வனாமீட்டர் வழியில் மிச்சம் இருப்பது 2 மில்லிவோல்ட். சுருள், கலத்தின் உள்தடை, கம்பியின் பங்கு எல்லாம் சேர்த்து 110 ஓம் பக்கம். ஏறத்தாழ 18 மைக்ரோஆம்பியர் ஓடும். முள் ஒரு பிரிவு அசையும், கண்ணுக்குத் தெரியும். கால் பிரிவைப் பார்க்கும் கண் இருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் பிடித்துவிடலாம்.

இப்போது 5000 ஓம் தொடரில் சேருங்கள். அதே 2 மில்லிவோல்ட் 0.4 மைக்ரோஆம்பியரைத்தான் தள்ளும். முள் அசையாது. கால் பிரிவு அசைய வேண்டுமென்றால் ஜாக்கி 13 சென்டிமீட்டர் போல விலக வேண்டும். இந்தப் பக்கம் அவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு. உங்கள் சாண் அங்கிருந்து வருகிறது.

ஆகவே உயர் மின்தடை கால்வனாமீட்டரைக் காப்பாற்ற மட்டும்தான். A முனையில் அது இல்லாமல் தொட்டால் பத்து மில்லியாம்பியருக்கு மேல் பாய்ந்து முள்ளை வளைத்துவிடும். சமநிலை இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்ததும் அதைச் சுற்றிலிருந்து விலக்குங்கள், பிறகு மெதுவாகத் தேடுங்கள். ஜாக்கியைக் கம்பியில் இழுக்காதீர்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள். இழுத்தால் கம்பி தேயும், தேய்ந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கான வோல்ட் மாறிவிடும்.

உப்புப்பாலம்

நான் வேதியியல் பக்கம். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

சுற்றுப்பாதை சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் வைத்த இடத்தில் இல்லை. வெளிக்கம்பியில் எதுவும் ஓடாதபோதும் டேனியல் கலத்தின் துத்தநாகத் தண்டின் மேற்பரப்பு சும்மா இருப்பதில்லை. துத்தநாகம் கரைவதும் திரும்பப் படிவதும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. அங்கே எதிரெதிர் இரண்டு ஓட்டங்கள் மெய்யாகவே ரத்தாகின்றன. ஜாக்கியை ஒரு பக்கம் நகர்த்தினால் கரைவது கூடும், மறுபக்கம் நகர்த்தினால் படிவது கூடும். இந்த மீள்தன்மை இருப்பதால்தான் டேனியலில் சமநிலை கூர்மையாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, உள்தடை விடையைப் பாதிக்காது என்று கேட்டு யாரும் எல்லாக் கலத்துக்கும் இந்தப் பலகையை நம்பிவிட வேண்டாம். pH அளக்கும் கண்ணாடி மின்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடை 100 மெகாஓம் அளவில் இருக்கும். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலும் ஓடுவது 10 பிக்கோஆம்பியர். உங்கள் கால்வனாமீட்டருக்கு ஒரு பிரிவுக்கு அதைப்போல 20 லட்சம் மடங்கு வேண்டும். பலகை முழுக்கத் தொட்டாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும், இணைப்பு விட்டுப்போன அந்தப் பெண்ணின் சுற்று மாதிரியே. 1934இல் ஆர்னால்டு பெக்மன் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்கக் கருவி செய்தபோது வெற்றிடக் குழாய்ப் பெருக்கியை வைத்ததற்குக் காரணம் இந்தத் தடைதான்.

சுற்றுப்பாதை

மின்முனை மேற்பரப்பில் நடப்பது எனக்குத் தெரியாது, நன்றி. கம்பியைப் பொறுத்தவரை நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. "மின்னோட்டமே இல்லை" என்று சொல்வதற்குப் பதிலாக "இந்தக் கால்வனாமீட்டர் பார்க்கக்கூடிய அளவுக்கு இல்லை" என்றுதானே எழுத வேண்டும்?

பழைய ஆய்வகம்

சரியான இடத்தில் ஜாக்கி இருந்தால் பூஜ்யம்தான். நாம் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறோமா என்பதில்தான் உங்கள் வாக்கியம் பொருந்தும். கால் பிரிவு என்றால் 5 மைக்ரோஆம்பியர் வரை ஓடிக்கொண்டிருக்கலாம். அது 4 ஓமில் 20 மைக்ரோவோல்ட் இழப்பு, கம்பியில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. கலத்தின் பக்கத்திலிருந்து பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேடல் பிழைதான் பெரியது.

அதைவிடப் பெரியது முதன்மைச் சுற்று. டேனியலுக்கு அளந்த நேரத்துக்கும் லெக்லாஞ்சிக்கு அளந்த நேரத்துக்கும் நடுவில் அக்குமுலேட்டர் இறங்கினால் விகிதமே பொய். கடைசி பெஞ்ச், லெக்லாஞ்சி முடிந்ததும் டேனியலை மறுபடி வைத்து ஒரு அளவு எடுங்கள். 540 என்பது 543 ஆகியிருந்தால் சராசரி 541.5ஐப் போட்டுக் கணக்கிடுங்கள், 1.456 வரும். 540க்கே திரும்பினால் 1.46ஐ நம்பலாம். சாவியை அளவெடுக்கும்போது மட்டும் அழுத்துங்கள்.

உப்புப்பாலம்

அந்தக் கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகச் சார்ஜ் ஏற்றிய அக்குமுலேட்டர் முதல் சில நிமிடங்களில்தான் வேகமாக இறங்கும். சாவியைக் கொஞ்ச நேரம் மூடியே வைத்து, அது நிலைத்த பிறகு தொடர்ந்து ஓடவிட்டு அளப்பதுதான் எங்கள் பழக்கம். அழுத்தி அழுத்தி எடுத்தால் ஒவ்வொரு முறையும் அது வேறு நிலையில் இருக்கும்.

பழைய ஆய்வகம்

பெரிய அக்குமுலேட்டராக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. பள்ளியில் கிடைக்கும் பாதி தேய்ந்த கலத்தில் தொடர்ந்து 100 மில்லியாம்பியர் எடுத்தால் அளவெடுத்து முடிப்பதற்குள் அது நழுவிக்கொண்டே போகும், கம்பியும் சூடாகும். எங்கள் ஆய்வகத்தில் அழுத்தி எடுத்ததுதான் நன்றாக வந்தது.

கடைசி பெஞ்ச்

நாளை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்க்கிறேன் சார். டேனியல், லெக்லாஞ்சி, டேனியல் என்ற வரிசையில் ஒரு முறை சாவியை மூடியே வைத்து, ஒரு முறை அழுத்தி அழுத்தி. எங்கள் ஆய்வகத்தில் சில மேசைகளில் அக்குமுலேட்டருக்குப் பதிலாக பேட்டரி எலிமினேட்டர் இருக்கிறது. அதில் இந்தச் சண்டையே வராதா?

தேரிக்காடு

எலிமினேட்டர் மேசையில் என் நண்பன் எடுத்தான். பக்கத்து மேசையில் யாராவது மின்விசிறியைப் போட்டால் முள் குதிக்கிறது என்கிறான். அளவெடுத்தால் இங்கே போடுங்கள்.